மைக்ரேஷன் ஓட்டியவரைப் பற்றி போஸ்ட்மார்ட்டத்தில் எப்படி எழுதுவது?

"டீம்ல ஒருத்தர் ஓட்டின டேட்டாபேஸ் மைக்ரேஷனால போன வாரம் எங்க சைட் இருபது நிமிஷம் படுத்துடுச்சு. ஏன் விழுந்துச்சுன்னு போஸ்ட்மார்ட்டம் அறிக்கை என்னை எழுதச் சொல்லியிருக்காங்க. 'பிளேம்லெஸ்ஸா எழுது'ன்னு மேனேஜர் சொல்றார். அந்த டீம்மேட் ஓட்டினதாலதானே விழுந்துச்சு? அதை எழுதலைன்னா பொய். எழுதினா பழி. எப்படித்தான் எழுதுறது?"

பிளேம்லெஸ் என்றால் பழி சொல்லாமல் எழுதுவது, அதற்காக எதையும் மறைக்க வேண்டாம். மைக்ரேஷனை ஓட்டியது ஒரு மனிதர்தான். எத்தனை மணிக்கு ஓட்டினார், என்ன கமாண்ட், அதன் பிறகு எந்தப் பட்டனை அழுத்தினார் என்பதெல்லாம் அறிக்கையில் வரட்டும். "அவர் இதைச் செய்திருக்கக் கூடாது" என்ற தீர்ப்பை மட்டும் விட்டுவிடுங்கள். அந்த இடத்தில், அவர் கண்ணுக்கு அப்போது என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்பதை எழுதுங்கள். மைக்ரேஷன் விபத்துகளில் உண்மையான காரணம் பெரும்பாலும் அந்தத் "தெரியவில்லை"க்குள்தான் கிடக்கும். "கவனக்குறைவு" என்று எழுதிவிட்டால் அதற்கு மேல் யாரும் தோண்ட மாட்டார்கள், காரணம் உள்ளேயே தங்கிவிடும்.

உங்கள் மைக்ரேஷன் என்ன என்று நீங்கள் சொல்லவில்லை. பல வருடங்களாக போஸ்ட்கிரெஸ் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பதால், அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கும் ஒரு வகையை எடுத்துக்கொள்கிறேன். அடையாளம் தெரியாதபடி நேரங்களையும் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

ஓர் இணையக் கடை. `orders` என்ற டேபிளில் ஒரு நெடுவரிசை சேர்க்க வேண்டும். மைக்ரேஷன் ஃபைலில் இருந்தது ஒரே ஒரு வரி:

```sql
ALTER TABLE orders ADD COLUMN gst_invoice_no text;
```

இதைப் பார்த்தால் யாருக்கும் பயம் வராது, வரவும் தேவையில்லை. டிஃபால்ட் இல்லாமல் ஒரு நெடுவரிசை சேர்ப்பதற்கு போஸ்ட்கிரெஸ் டேபிளைத் திருப்பி எழுதுவதில்லை. தன் கேட்டலாகில் ஒரு குறிப்பு மட்டும் போட்டுக்கொள்ளும். (11-ஆம் பதிப்பிலிருந்து, மாறாத ஒரு டிஃபால்ட் கொடுத்தாலும் அப்படித்தான்.) டேபிளில் ஆயிரம் வரி இருந்தாலும் பத்துக் கோடி வரி இருந்தாலும் வேலை மில்லிசெகண்டுகளில் முடியும். ஸ்டேஜிங்கில் அப்படித்தான் முடிந்தது. ரிவியூ செய்தவரும் ஓகே சொல்லியிருந்தார்.

காலை 11:02-க்கு பைப்லைன் இதை புரொடக்ஷனில் ஓட்டியது. 11:03-க்கு சைட் திணற ஆரம்பித்தது. 11:23-க்குத்தான் எழுந்தது.

நடந்தது இதுதான். நெடுவரிசை சேர்க்க `ACCESS EXCLUSIVE` என்ற லாக் வேண்டும். அந்த டேபிளை வேறு யாரும், வெறும் `SELECT` போடுபவர்கள்கூட, தொட்டுக்கொண்டிருக்கக் கூடாது. ஆனால் 10:41-க்கு ரிப்போர்ட் டூல் ஒன்று `orders` மேல் ஒரு நீளமான `SELECT`-ஐ ஆரம்பித்திருந்தது, அது இன்னும் முடியவில்லை. `ALTER` அதற்காகக் காத்து நின்றது. அது மட்டும் நின்றிருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது. போஸ்ட்கிரெஸில் லாக்குக்கு கியூ உண்டு. `ALTER` கியூவில் நின்ற பிறகு வந்த ஒவ்வொரு சாதாரண `SELECT`-உம், ஓடிக்கொண்டிருந்த ரிப்போர்ட்டோடு எந்த முரணும் இல்லாதபோதும், `ALTER`-க்குப் பின்னால் நிற்க வேண்டியதாயிற்று. கடையில் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஏதோ ஓர் இடத்தில் `orders` வரும். ஒரு நிமிடத்துக்குள் கனெக்ஷன் பூல் முழுக்க இப்படிக் காத்திருக்கும் டேட்டாபேஸ் கேள்விகளால், அதாவது கொரிகளால், நிரம்பியது. அதன் பிறகு `orders`-ஐத் தொடாத பக்கங்களுக்கும் கனெக்ஷன் கிடைக்கவில்லை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தச் சம்பவத்தின் முதல் டிராஃப்டில் இருந்த வாக்கியம் இது: "டெவலப்பர் புரொடக்ஷனில் ஓடிக்கொண்டிருந்த கொரிகளைச் சரிபார்க்காமல், பிஸியான நேரத்தில் மைக்ரேஷனை ஓட்டினார்." ஒவ்வொரு சொல்லும் உண்மைதான். ஆனாலும் இதைப் படிப்பவருக்கு என்ன நடந்தது என்று தெரியாது, யார் மேல் கோபப்பட வேண்டும் என்பது மட்டும் தெரியும். "சரிபார்க்காமல்" என்பது அவர் செய்யாத ஒன்று. செய்யாதவை கணக்கில்லாமல் இருக்கும். அதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக் காரணம் ஆக்குவது, முடிவு தெரிந்த பிறகு நமக்கு வரும் தைரியம். திருத்திய பிறகு அது இப்படி ஆனது:

"11:02-க்கு டிப்ளாய் செய்தவர் வழக்கமான பைப்லைன் வழியாக மைக்ரேஷனை ஓட்டினார். ஸ்டேஜிங்கில் அது 12 மில்லிசெகண்டில் முடிந்திருந்தது. ஸ்டேஜிங்கில் ரிப்போர்ட் டூல் இணைக்கப்படவில்லை என்பதால் அங்கே `orders`-ஐ நீண்ட நேரம் பிடித்திருக்கும் கொரி எதுவும் இருப்பதில்லை. டேபிளை யார் பிடித்திருக்கிறார்கள் என்பதைக் காட்டும் படி பைப்லைனில் இல்லை. மைக்ரேஷன் எவ்வளவு நேரம் லாக்குக்காகக் காத்திருக்கலாம் என்பதற்கும் வரம்பு வைக்கப்படவில்லை."

ஓட்டியவர் இதிலும் இருக்கிறார், செய்ததும் இருக்கிறது. கூடவே சரிசெய்யக்கூடிய மூன்று விஷயங்கள் வெளியே வந்துவிட்டன. பெயருக்குப் பதில் "டிப்ளாய் செய்தவர்", "ஆன்-காலில் இருந்தவர்" என்று பொறுப்பைச் சொன்னால் போதும். ஆனால் "மைக்ரேஷன் ஓட்டப்பட்டது", "ரோல்பேக் செய்யப்பட்டது" என்று ஆளே இல்லாமல் எழுதாதீர்கள். யார் எதைப் பார்த்து எந்த முடிவுக்கு வந்தார் என்ற தொடர்ச்சி அதில் அறுந்துபோகும்.

அந்தத் தொடர்ச்சி ஏன் முக்கியம் என்பதற்கு இதே சம்பவத்தின் அடுத்த பகுதியைச் சொல்கிறேன். 11:06-க்கு டிப்ளாய் செய்தவர் சைட் திணறுவதைப் பார்த்து, பைப்லைனில் மைக்ரேஷன் ஜாபை கேன்சல் செய்தார். ஸ்க்ரீனில் `Canceled` என்று வந்தது. "மைக்ரேஷனை நிறுத்திட்டேன்" என்று சேனலில் போட்டார். சைட் எழவில்லை. ஆகவே எல்லோரும் காரணம் மைக்ரேஷன் இல்லை என்று முடிவுசெய்து நெட்வொர்க்கையும் புதிய கோட் மாற்றத்தையும் பார்க்கப் போனார்கள். 11:10-க்கு அந்தக் கோட் மாற்றத்தை ரோல்பேக் செய்தார்கள். ஒரு பலனும் இல்லை.

பைப்லைன் கேன்சல் செய்தது மைக்ரேஷனை ஓட்டிய கன்டெய்னரை. அது திடீரென்று கொல்லப்பட்டதால் டேட்டாபேஸுக்கு "நிறுத்து" என்ற செய்தி போகவே இல்லை. லாக்குக்காகக் காத்து நிற்கும் போஸ்ட்கிரெஸ் புராசஸ், மறுமுனையில் ஆள் போய்விட்டதை வழக்கமாகக் கவனிப்பதில்லை. லாக் கிடைத்து, வேலையை முடித்து, பதில் அனுப்பப் போகும்போதுதான் அதற்குத் தெரியும். ஆகவே `ALTER` கியூவில் நின்றுகொண்டேதான் இருந்தது. இதே காரணம் இன்னொரு சிக்கலையும் கொண்டுவந்தது. ஆப்பின் ஹெல்த் செக் டேட்டாபேஸில் ஒரு கொரி ஓட்டிப் பார்க்கும் வகை. அது தோற்றதும் ஆப் ஓடும் பாட்கள் ரீஸ்டார்ட் ஆயின, புதிய கனெக்ஷன்கள் திறந்தன. பழைய கனெக்ஷன்களோ டேட்டாபேஸ் பக்கம் அப்படியே காத்து நின்றன. கொஞ்ச நேரத்தில் `FATAL: sorry, too many clients already` வந்தது. பார்க்கப் போன ஆன்-கால் இன்ஜினியருக்கே உள்ளே நுழைய இடமில்லை. சூப்பர்யூசருக்கென்று போஸ்ட்கிரெஸ் சில கனெக்ஷன்களை ஒதுக்கிவைக்கும், டிஃபால்டாக மூன்று. அந்தப் பாஸ்வேர்டு வைத்திருந்தவர் வந்து சேர்ந்தபோது 11:20. அவர் ஓட்டியது இது:

```sql
SELECT pid, xact_start, pg_blocking_pids(pid), left(query, 50)
FROM pg_stat_activity
WHERE cardinality(pg_blocking_pids(pid)) > 0
ORDER BY xact_start;
```

முதல் வரியில் `ALTER`, அதற்குக் கீழே நின்ற நூற்றுக்கணக்கான கொரிகளின் பட்டியலில் எல்லாம் அதே `ALTER`-இன் எண். `pg_terminate_backend` ஒன்று போட்டதும் கியூ கலைந்தது. ரிப்போர்ட்டைக் கொல்ல வேண்டிய தேவைகூட இருக்கவில்லை.

இருபத்தொரு நிமிடத்தில் பதினேழு நிமிடம் அந்த `Canceled` என்ற சொல்லுக்குப் பிறகு போனது. டிப்ளாய் செய்தவர் பயந்துபோய், "நான் கேன்சல் செய்தேன், எல்லோரையும் வேறு பக்கம் திருப்பிவிட்டது நான்தான்" என்பதை வாய்விட்டுச் சொல்லாமல் இருந்திருந்தால், அறிக்கையில் இந்தப் பகுதியே வந்திருக்காது. 2012-இல் எட்ஸி நிறுவனத்தில் இருந்த ஜான் ஆல்ஸ்பா இந்த பிளேம்லெஸ் முறையை விளக்கி எழுதியபோது முன்வைத்த வாதமும் இதுதான். தண்டனை வரும் என்று நினைப்பவர் விவரத்தை முழுதாகத் தர மாட்டார், விவரம் இல்லாவிட்டால் விபத்து திரும்ப வரும்.

ஆகவே எழுத உட்காரும் முன் அவரிடம் தனியாகப் பேசுங்கள், கூட்டத்தில் வேண்டாம். ஓரிரு நாளுக்குள் பேசிவிடுங்கள், நினைவு சீக்கிரம் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். "ஏன் அப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டால் நியாயப்படுத்தல்தான் பதிலாக வரும். "கேன்சல் அழுத்தினதும் ஸ்க்ரீன்ல என்ன வந்துச்சு? அதைப் பார்த்து என்ன நினைச்சீங்க? அடுத்து எந்த டேப் திறந்தீங்க?" என்று கேட்டால் நடந்தது வரும். அதன்பின் லாக் ஃபைல்களோடும் சேனல் மெசேஜ்களோடும் ஒத்துப்பாருங்கள். ஒரு சின்ன எச்சரிக்கை: டேட்டாபேஸ் லாக் ஃபைல் பெரும்பாலும் யுடிசியில் இருக்கும், சேனல் உங்கள் உள்ளூர் நேரத்தில் இருக்கும். இந்தியாவில் என்றால் ஐந்தரை மணி வித்தியாசம். எல்லாவற்றையும் ஒரே நேரத்துக்கு மாற்றி, எது என்று மேலே எழுதிவிடுங்கள்.

அறிக்கையில் நிச்சயமானதையும் ஊகத்தையும் பிரித்து வைப்பது பலரும் விட்டுவிடும் இடம். மேலே சொன்ன கதையில் எது எங்கிருந்து தெரிந்தது என்று பாருங்கள். `ALTER` தொடங்கிய நேரம் பைப்லைன் லாகில் இருக்கிறது, நிச்சயம். கியூவின் தலையில் `ALTER` நின்றது கொரியின் முடிவில் தெரிந்தது, அதை யாரோ ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்ததால் நிச்சயம். `ALTER`-ஐ மறித்தது அந்த ரிப்போர்ட்தானா? ஸ்க்ரீன்ஷாட்டில் எண் மட்டும் இருந்தது, அந்த எண்ணின் கொரி என்ன என்று அப்போது யாரும் பார்க்கவில்லை. `pg_stat_activity` அந்த நொடியை மட்டும் காட்டும், வரலாறு வைத்துக்கொள்ளாது. `log_lock_waits` ஆன் ஆகியிருந்தால் லாகில் `still waiting for AccessExclusiveLock on relation` என்ற வரியும், லாக்கைப் பிடித்திருக்கும் புராசஸ் எண்ணும் வந்திருக்கும். அங்கே அது ஆஃப். ரிப்போர்ட் டூலின் பக்கம் 10:41-க்குத் தொடங்கி 11:34-க்கு முடிந்த ஒரு கொரி இருக்கிறது, அந்த நேரத்தில் `orders`-ஐத் தொட்ட வேறு நீண்ட கொரி எதுவும் கிடைக்கவில்லை. இதை வைத்து அறிக்கையில் எழுதியது: "ரிப்போர்ட் கொரிதான் மறித்தது என்பது நேரங்களை வைத்துச் செய்த ஊகம். நேரடிப் பதிவு இல்லை." அந்த வரியைப் பார்த்து மேலிடம் யாரும் குறை சொல்லவில்லை. `log_lock_waits`-ஐ ஆன் செய்ய வேண்டும் என்ற வேலை அந்த வரியிலிருந்துதான் பிறந்தது.

பாதிப்பையும் அதே கறாரோடு எழுதுங்கள். பேமென்ட் கேட்வேயில் பணம் பிடிக்கப்பட்டு, `orders`-இல் பதிவாகாமல் போனவை எத்தனை என்று கேட்வேயின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒப்பீடு முடியவில்லை என்றால் முடியவில்லை என்றும், யார் எப்போது முடிப்பார் என்றும் எழுதுங்கள். "சில பயனர்கள் பாதிக்கப்பட்டனர்" என்ற வாக்கியத்தால் கஸ்டமர் சப்போர்ட்டில் இருப்பவருக்கு எந்த உதவியும் இல்லை.

அடுத்து, இனி செய்ய வேண்டிய வேலைகள். "எல்லோரும் இனி கவனமாக இருக்க வேண்டும்", "மைக்ரேஷனுக்கு இரண்டாவது அப்ரூவல் வேண்டும்" இரண்டும் தவறாமல் வரும். ஒவ்வொரு யோசனையையும் டைம்லைனில் வைத்து, அன்றைக்கு இது இருந்திருந்தால் எந்த நிமிடம் மாறியிருக்கும் என்று பாருங்கள். இரண்டாவது அப்ரூவர் பார்த்திருக்கக்கூடியது அதே ஒரு வரி `ALTER`, அதே பச்சை ஸ்டேஜிங். அவரும் ஓகே சொல்லியிருப்பார். எந்த நிமிடமும் மாறியிருக்காது. இதோ இது மாற்றியிருக்கும்:

```sql
ALTER ROLE migrator SET lock_timeout = '3s';
```

மைக்ரேஷன் ஓட்டும் ரோலுக்கே இதைப் போட்டுவிட்டால், மூன்று நொடிக்குள் லாக் கிடைக்காதபோது `ALTER` தானே தோற்று விலகும். பின்னால் நின்றவர்கள் மூன்று நொடி தாமதத்தை மட்டும் பார்ப்பார்கள். பைப்லைன் சிவப்பாகும், கொஞ்சம் கழித்துத் திரும்ப முயலலாம். `lock_timeout`-இன் டிஃபால்ட் 0, அதாவது வரம்பே இல்லை. ஒவ்வொரு ஃபைலிலும் மறக்காமல் எழுதச் சொல்வதைவிட ரோலில் வைப்பது மேல், ஏனென்றால் அதில் யாருடைய ஞாபகமும் தேவைப்படாது. இதற்கும் விலை உண்டு. பிஸியான டேபிளில் பல முறை தோற்கலாம். `CREATE INDEX CONCURRENTLY` நடுவில் தோற்றால் `INVALID` என்ற இன்டெக்ஸ் மிச்சமாகும், அதைத் துடைக்க வேண்டும். அந்த வகைக்கு மட்டும் தனி மதிப்பு வைப்பது நல்லது.

ஹெல்த் செக் டேட்டாபேஸைத் தொடாமல் இருந்திருந்தால் கனெக்ஷன் பெருக்கம் நடந்திருக்காது, ஆன்-கால் உள்ளே போயிருப்பார். அதுவும் உருப்படியான வேலை. ரிப்போர்ட்டை ரெப்ளிகாவுக்கு மாற்றுவதும் நல்லதுதான், ஆனால் அதை முழுத் தீர்வாக எழுதாதீர்கள். `ALTER` ரெப்ளிகாவுக்குப் போய்ச் சேரும்போது அங்கே ஓடும் நீண்ட கொரி, டிஃபால்ட் அமைப்பில் முப்பது நொடி வரை பொறுக்கப்பட்டு, பிறகு கேன்சல் ஆகும். ரிப்போர்ட் டீமுக்கு அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நான் இருந்தால் இந்த மூன்றோடும் `log_lock_waits`-ஓடும் நிறுத்திக்கொள்வேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆள், ஒரு தேதி. பதினைந்து வேலை எழுதிய அறிக்கைகளில் பன்னிரண்டு கிடப்பில் கிடப்பதைத்தான் பார்த்திருக்கிறேன்.

நீங்கள் மைஎஸ்கியூஎல் பயன்படுத்துபவர் என்றால் விவரங்கள் மாறும், உருவம் மாறாது. அங்கே மெட்டாடேட்டா லாக் என்று பெயர், கியூ இதே போலத்தான் கட்டும். `lock_wait_timeout` டிஃபால்ட் 31536000 நொடி, அதாவது ஒரு வருடம். வெளியாட்களுக்கு எழுதும் சுருக்க அறிக்கைக்கு ஒரு மாதிரி வேண்டுமானால், 2021 நவம்பர் 27 அன்று கிட்ஹப் விழுந்ததைப் பற்றி அவர்களே வெளியிட்டதைப் பாருங்கள். பெரிய மைஎஸ்கியூஎல் டேபிள் ஒன்றின் ஸ்கீமா மாற்றத்தில், கடைசிக் கட்டமான ரீநேம் நடந்தபோது ரீட் ரெப்ளிகாக்கள் பல டெட்லாக்கில் மாட்டின. ரீநேமைத் தொடங்கியவர் யார் என்ற பேச்சே அதில் இல்லை, ஆனால் எந்தப் படியில் எது உடைந்தது என்பது தெளிவாக இருக்கிறது.

நான் சொன்னதற்கு எல்லையும் உண்டு. தெரிந்தே பாதுகாப்பைக் கழற்றிவிட்டு வேலை செய்தார், அல்லது தடயத்தை அழித்தார் என்றால் அது போஸ்ட்மார்ட்டத்தில் தீர்க்கும் விஷயம் இல்லை, வேறு இடத்தில் பேச வேண்டியது. அப்படி நடந்து நான் பார்த்தது மிக அரிது. அதைவிட அடிக்கடி நடப்பது, இந்த அறிக்கையை யாரோ எடுத்து வருடக் கடைசி அப்ரைசலில் வைப்பது. உங்கள் அலுவலகத்தில் அந்த வழக்கம் இருக்கிறதா என்பது எனக்குத் தெரியாது, நீங்கள்தான் மேனேஜரிடம் நேராகக் கேட்க வேண்டும். இருக்கிறது என்றால், நீங்கள் எவ்வளவு நல்ல வாக்கியம் எழுதினாலும் அடுத்த முறை யாரும் "கேன்சல் செய்தது நான்தான்" என்று சொல்ல மாட்டார்கள். இல்லை என்று அவர் சொன்னால், அதை எழுத்தில் வாங்கி சேனலில் போடச் சொல்லுங்கள். டிராஃப்ட் தயாரானதும் வேறு யாருக்கும் அனுப்பும் முன் மைக்ரேஷன் ஓட்டியவருக்கு அனுப்பி, "உங்க ஸ்க்ரீன்ல நடந்தது இதுதானா, எங்கயாவது தப்பா இருக்கா?" என்று கேளுங்கள்.